9 இன்ச் ரெசிப்பி, வீட்டில் 9 இன்ச் டின் இல்லை: மாவை எதில் ஊற்றுவது?

ரெசிப்பியில் 9 இன்ச் வட்ட டின் என்று போட்டிருக்கிறது. வீட்டில் இருப்பது 7 இன்ச் வட்டம் ஒன்று, 8 இன்ச் வட்டம் ஒன்று, 8 இன்ச் சதுரம் ஒன்று, அப்புறம் 6 இன்ச் வட்டம் இரண்டு. இதில் எதை எடுப்பது, எடுத்தால் பொருட்களை எவ்வளவு குறைப்பது என்பதுதான் கேள்வி. 9 இன்ச் டின்னே ஒன்று வாங்கிவிடலாமே என்றால் வாங்கலாம், பாரிமுனைப் பக்கம் போனால் எல்லா அளவிலும் கிடைக்கும். ஆனால் நம் வீடுகளில் இருக்கும் சின்ன ஓ.டி.ஜி.யில் 9 இன்ச் டின் உள்ளே நுழைந்தாலும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். டின்னைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு இன்ச்சாவது காலி இடம் இருந்தால்தான் சூடு சுற்றி வரும். இல்லாவிட்டால் சுவர்ப்பக்கம் கருகி நடுவில் வேகாமல் இருக்கும். அதனால் இருக்கிற டின்னுக்கு ரெசிப்பியை மாற்றுவதுதான் பெரும்பாலும் நடக்கிற கதை.

பேசுவதற்கு ஒரு ரெசிப்பி வேண்டும். சாதாரண வெண்ணெய் கேக்கையே எடுத்துக்கொள்வோம்: மைதா 240 கிராம், வெண்ணெய் 240 கிராம், பொடித்த சர்க்கரை 240 கிராம், முட்டை 4, பால் 60 மில்லி, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், கொஞ்சம் வெனிலா எசென்ஸ். 175 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். கலந்து முடித்தால் ஏறத்தாழ 980 கிராம் மாவு வரும், 2 இன்ச் உயரமுள்ள 9 இன்ச் டின்னில் ஊற்றினால் பாதிக்குச் சற்று மேலே நிற்கும். உப்பி எழுவதற்கு மீதி இடம் சரியாக இருக்கும்.

இப்போது 7 இன்ச் டின்னைப் பார்ப்போம். 9-க்கும் 7-க்கும் இரண்டு இன்ச்தானே வித்தியாசம், கொஞ்சம் குறைத்தால் போதும் என்று தோன்றும். 7-ஐ 9-ஆல் வகுத்தால் 0.78 வருகிறது, அப்படியானால் கால் பங்கு குறைத்தால் சரி என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. இங்கேதான் தப்பு நடக்கிறது. மாவு பரவுவது விட்டத்தில் இல்லை, பரப்பில். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். அதனால் ஒப்பிட வேண்டியது 7-ஐயும் 9-ஐயும் இல்லை, 49-ஐயும் 81-ஐயும். 49-ஐ 81-ஆல் வகுத்தால் 0.6. அதாவது இரண்டு இன்ச் சின்ன டின்னுக்குப் பொருட்கள் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும், கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் குறைக்க வேண்டும். 0.78 கணக்கில் போட்டால் மாவு கால் பங்குக்கும் மேல் கூடுதலாக நிற்கும்.

இரண்டுமே வட்டம் என்றால் பை, 22/7 எதுவும் தேவையில்லை, இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். வட்டத்தையும் சதுரத்தையும் ஒப்பிடும்போது மட்டும் வட்டத்தின் விட்ட வர்க்கத்தை 0.785-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 9 இன்ச் வட்டம் என்றால் 81 × 0.785, கிட்டத்தட்ட 63.6 சதுர இன்ச். 8 இன்ச் சதுரம் 64. இரண்டும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளலாம். ரெசிப்பியில் ஒரு கிராம்கூட மாற்றாமல் அப்படியே 8 இன்ச் சதுரத்தில் ஊற்றலாம். இது தெரியாமல், 9-ஐவிட 8 சின்னது என்று மாவைக் குறைத்து, கேக் தட்டையாக வந்துவிட்டதே என்று வருத்தப்படுபவர்கள் நிறையப் பேர்.

ஒரு விஷயம், கணக்குக்கு முன்னாடி டின்னை டேப் வைத்து அளந்துவிடுங்கள். கடையில் 8 இன்ச் என்று கொடுத்த டின் உள்ளே 7.5 இன்ச்தான் இருக்கும், மடிந்த விளிம்போடு சேர்த்து அளந்தால்தான் 8 வரும். வர்க்கக் கணக்கில் இந்த அரை இன்ச் சும்மா போகாது: 7.5-ன் வர்க்கம் 56, 8-ன் வர்க்கம் 64, எட்டில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. உள் விளிம்பிலிருந்து எதிர் உள் விளிம்புக்கு அளப்பதுதான் கணக்கு. அடிப்பக்கம் குறுகி மேலே விரியும் டின் என்றால் பாதி உயரத்தில் எவ்வளவு அகலமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தையும் அப்படியே அளந்து பாருங்கள், பின்னால் தேவைப்படும்.

பரப்பு விகிதம் தெரிந்துவிட்டது, எல்லாவற்றையும் அதால் பெருக்கிவிடலாம் என்று உட்கார்ந்தால் முட்டையில் வந்து மாட்டிக்கொள்ளும். மைதாவை 145 கிராம் எடுக்கலாம், பாலை 36 மில்லி எடுக்கலாம், முட்டையை 2.4 எப்படி எடுப்பது? என் கருத்து என்னவென்றால், விகிதத்துக்கு முட்டையை வளைக்காதீர்கள், முட்டைக்கு விகிதத்தை வளையுங்கள். பரப்புக் கணக்கு ஒரு எண்ணைச் சொல்லும், அதற்குப் பக்கத்தில் முழு முட்டை எங்கே வருகிறது என்று பார்த்து, அந்த முட்டைக்கு ஏற்ற விகிதத்தை மற்ற எல்லாப் பொருளுக்கும் போடுங்கள். அப்படிச் செய்வதால் கேக் கொஞ்சம் உயரும் அல்லது கொஞ்சம் தாழும். எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்: போடும் விகிதத்தைப் பரப்பு விகிதத்தால் வகுத்தால் அதுதான் உயர மாற்றம். பத்துப் பதினைந்து சதவீதம் மேலே கீழே போவது சாப்பிடுபவர்களுக்குத் தெரியவே தெரியாது. டின்களை எடைபோட்டுப் பார்க்க இந்த ஒரு அளவுகோல் போதும்.

8 இன்ச் வட்டம்: 64-ஐ 81-ஆல் வகுத்தால் 0.79. நாலு முட்டை 3.16 முட்டையாகிறது. மூன்று முட்டை போட்டால் விகிதம் 0.75, அதாவது முக்கால் பங்கு. மைதா, வெண்ணெய், சர்க்கரை மூன்றும் 180 கிராம், பால் 45 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். உயர மாற்றம் 0.95, கேக் ஐந்து சதவீதம் தாழும், அவ்வளவுதான். வட்டமாகத்தான் வேண்டும் என்றால் இதைவிடச் சுலபமான வழி இல்லை. நேரமும் ஏறக்குறைய அதேதான், 32-வது நிமிடத்தில் ஒருமுறை குத்திப் பார்த்தால் போதும்.

6 இன்ச் வட்டம்: 36-ஐ 81-ஆல் வகுத்தால் 0.44. முட்டை 1.78. இரண்டு முட்டை போட்டால் விகிதம் சரியாகப் பாதி, கேக் பன்னிரண்டு சதவீதம் உயரமாக வரும், 2 இன்ச் டின்னில் அது அடங்கிவிடும். இரண்டு 6 இன்ச் டின் இருந்தால் முழு ரெசிப்பியையும் கலந்து இரண்டிலும் பாதிப் பாதி ஊற்றலாம், எதையும் மாற்ற வேண்டாம். பிறந்த நாளுக்கு க்ரீம் பூசி அடுக்க வேண்டும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். ஒரே கேக்கைச் செய்து கத்தி வைத்துக் குறுக்கே இரண்டாக அறுப்பது எல்லோருக்கும் நேராக வராது, இரண்டு தனி கேக் என்றால் அந்தத் தலைவலி இல்லை. ஒரே சிக்கல் ஓ.டி.ஜி.யின் அகலம். இரண்டு டின்னும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க இடம் இல்லை என்றால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டில் வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், மேலே உள்ளது மேல் கம்பிக்குப் பக்கத்தில் போய்ப் பழுத்துவிடும், கீழே உள்ளதற்கு மேலிருந்து சூடே கிடைக்காது. இடம் இல்லாதவர்கள் இரண்டு முட்டை அளவுக்குத் தனித்தனியாக இரண்டு முறை கலப்பதே நல்லது.

கேக் ஆர்டர் எடுத்துச் செய்பவர்கள் 6 இன்ச்சை அரைக் கிலோ டின், 8 இன்ச்சை ஒரு கிலோ டின் என்று பொதுவாகப் பேசிக்கொள்வார்கள். அதுவும் இந்தக் கணக்குதான். 36-ஐ 64-ஆல் வகுத்தால் 0.56, பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

இனி 7 இன்ச் வட்டம். குக்கருக்குள்ளும் போகும், சின்ன ஓ.டி.ஜி.யிலும் தாராளமாக உட்காரும் என்று பலர் வீட்டில் முதலில் வாங்குவது இதைத்தான். இந்த ரெசிப்பிக்கு மட்டும் அதுதான் ரொம்பப் படுத்துகிறது. 0.6 விகிதம், 2.4 முட்டை. இரண்டு முட்டை போட்டால் கேக் பதினேழு சதவீதம் தாழும், மூன்று போட்டால் இருபத்து நாலு சதவீதம் உயரும். இரண்டுமே கொஞ்சம் உறுத்தும்.

இந்தக் கணக்கைப் பெரம்பூரில் இருக்கும் அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அட, எதுக்கு இவ்ளோ யோசிக்கறே, நாலு முட்டையும் போட்டுக் கலந்து எல்லாத்தையும் ஊத்து, மேல எழும்பி வந்தா வெட்டி எடுத்துக்கலாம்" என்றார். "அண்ணி, வெட்டறதுக்கு முன்னாடி அது கம்பி மேல ஊத்திடும்" என்றேன். அது மிகைப்படுத்தல் இல்லை. 980 கிராம் மாவையும் 7 இன்ச் டின்னில் ஊற்றினால் ஒன்றே முக்கால் இன்ச் வரை வந்துவிடும், 2 இன்ச் டின்னில் எழும்ப இடமே இல்லை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மாவு விளிம்பைத் தாண்டி வழிந்து கீழ்க் கம்பியில் சொட்டும், புகை வரும், அந்தக் கருகல் வாசனை மீதி கேக்குக்கும் ஏறும். வழியாமல் தப்பித்தாலும் நடுப்பகுதி வேகுவதற்குள் மேல் பரப்பு கறுத்து இறுகிவிடும், உள்ளே இன்னும் எழும்பும் மாவு அந்த மூடியை வெடித்துக்கொண்டு வெளியே வரும், வெளியே எடுத்து ஐந்து நிமிடத்தில் நடுவில் குழி விழும். டின்னில் மாவு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பதை மட்டும் எந்தக் கணக்கிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்படியானால் 7 இன்ச்சை வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? மூன்று வழி இருக்கிறது, எனக்குப் பிடித்ததை முதலில் சொல்கிறேன். முழு ரெசிப்பியையும் கலந்துவிடுங்கள். சமையலறைத் தராசின் மேல் பட்டர் பேப்பர் போட்ட டின்னை வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டு வந்து, மாவை ஊற்ற ஆரம்பியுங்கள். 590 கிராம் காட்டும்போது நிறுத்துங்கள், அதுதான் 980-ல் அறுபது சதவீதம். மீதி 390 கிராமைக் கப் கேக் பேப்பரில் ஐம்பது ஐம்பது கிராமாகப் போட்டால் ஏழெட்டு வரும். முட்டையைப் பிரிக்க வேண்டாம், கேக்கின் உயரமும் ரெசிப்பியில் உள்ளபடியே, கூடவே குழந்தைகளுக்குச் சாயங்காலத் தீனியும் ஆயிற்று. ஓ.டி.ஜி.யில் இரண்டும் ஒன்றாகப் போகாது என்றால் பெரிய கேக்கை முதலில் வையுங்கள். கலந்த மாவு காத்திருக்கக் காத்திருக்க பேக்கிங் பவுடரின் வேகம் குறையும், அதுவும் மே மாதச் சமையலறையில் அடித்து வைத்த வெண்ணெய் இளகி மாவே நீர்த்துவிடும். காத்திருப்பதால் வரும் கெடுதலைச் சின்னக் கப் கேக் தாங்கிக்கொள்ளும், பெரிய கேக் தாங்காது. அந்த முக்கால் மணி நேரத்துக்கு மீதி மாவைக் கிண்ணத்தோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது இன்னும் நல்லது.

இரண்டாவது வழி, முட்டையை நிறுப்பது. நம் ஊர் முட்டை ஓடு நீக்கினால் ஏறத்தாழ 45 முதல் 50 கிராம் இருக்கும். மூன்று முட்டையை உடைத்து, நுரை வராமல் முள்கரண்டியால் நன்றாகக் கலக்கி, அதில் 115 கிராமை நிறுத்து எடுங்கள். மற்றதெல்லாம் அறுபது சதவீதம்: மைதா, வெண்ணெய், சர்க்கரை 145 கிராம், பால் 36 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றே கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. மீந்த முட்டை ஆம்லெட்டுக்குப் போகட்டும். கலக்காமல் மஞ்சள் கரு இரண்டு, வெள்ளை மூன்று என்றெல்லாம் பிரித்துப் போட்டால் கொழுப்பும் ஈரமும் மாறிப் போகும், கேக்கின் பதம் வேறாகிவிடும். தராசு இல்லாதவர்கள் இந்த வழிப் பக்கமே போக வேண்டாம்.

மூன்றாவது, மூன்று முட்டை போட்டு உயரமான கேக்காகவே செய்துவிடுவது. இதற்கு டின் 3 இன்ச் உயரம் இருக்க வேண்டும், முதலில் உயரத்தை அளக்கச் சொன்னது இதற்குத்தான். 2 இன்ச் டின்னில் இந்த மாவு சரியாக மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டு நிற்கும், கத்தி மேல் நடப்பதுதான்.

உயரம் மாறினால்தான் நேரமும் சூடும் மாறும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பொருட்களைப் பாதியாக்கினால் நேரத்தையும் பாதியாக்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சூடு மாவுக்குள் போக வேண்டிய தூரம் பெரும்பாலும் அதன் ஆழம்தான். பரப்பும் மாவும் ஒரே விகிதத்தில் குறைந்தால் ஆழம் மாறவில்லை, எனவே 175 டிகிரியும் மாறாது, நேரமும் கிட்டத்தட்ட மாறாது. சின்ன டின்னில் ஓரங்கள் நடுவுக்குப் பக்கத்தில் இருப்பதால் நாலைந்து நிமிடம் முன்னதாக ஆகலாம், அதனால் முன்கூட்டியே பார்க்க ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று முட்டையை 7 இன்ச்சில் ஊற்றியது போல ஆழம் கால் பங்கு கூடினால் சூட்டை 160-க்கு இறக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டுங்கள். மேலே நிறம் ஏறிவிட்டது, உள்ளே ஈர்க்குச்சியில் இன்னும் மாவு ஒட்டுகிறது என்றால் மேலே ஒரு அலுமினியத் தாளைத் தளர்வாகப் போட்டு மூடுங்கள், ஓ.டி.ஜி.யில் மேல் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் இது அடிக்கடி தேவைப்படும். இரண்டு முட்டையை 7 இன்ச்சில் ஊற்றியவர்கள் எதிர்ப்பக்கம் போக வேண்டும்: சூடு அதேதான், 25-வது நிமிடத்திலிருந்தே கண் வைத்திருங்கள். மெல்லிய கேக் கெட்டுப்போவது வேகாமல் இல்லை, காய்ந்துபோய். ஓரம் டின்னை விட்டு ஒரு நூல் விலகினாலே எடுத்துவிடலாம், நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் மறுநாள் டீயில் தோய்க்காமல் தின்ன முடியாது.

8 இன்ச் சதுரத்தில் அளவு மாறவில்லை என்றாலும் நாலு மூலைகள் இருக்கின்றன. மூலைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் சூடு வருவதால் அது முதலில் வெந்து இறுகும். சின்ன ஓ.டி.ஜி.யில் மூலை சுவருக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள், மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஆனதும் டின்னை ஒருமுறை திருப்பி வையுங்கள். அதற்கு முன் கதவைத் திறந்தால் மாவு அமுங்கிவிடும். டீக்குத் துண்டு போட்டு டப்பாவில் அடைத்து அலுவலகத்துக்குக் கொண்டு போகிற கேக் என்றால் எனக்கு எப்போதும் சதுரம்தான், துண்டு எல்லாம் ஒரே அளவாக வரும், கணக்கும் இல்லை.

முட்டை இல்லாத கேக் செய்பவர்களுக்கு இந்த வரிசையே தலைகீழாகிவிடும். தயிர், டின் பால், எண்ணெய் எல்லாமே கிராமிலும் மில்லியிலும் அளப்பவை, எந்த விகிதத்துக்கும் மடங்கிக் கொடுக்கும். 400 கிராம் டின் பால் கேட்கும் ரெசிப்பியை 0.6-ஆல் பெருக்கி 240 கிராம் எடுத்தால் முடிந்தது, 7 இன்ச் டின்னே போதும், வேறு எதையும் தேட வேண்டாம். சோடா மாவு போடும் ரெசிப்பியில் மட்டும் கண்ணளவு வேண்டாம், அரை டீஸ்பூனில் அறுபது சதவீதம் என்றால் கால் டீஸ்பூனுக்குச் சற்று மேல், அதைத் தாண்டினால் சோப்பு வாசனை வரும்.

பரப்புக் கணக்கு வேலை செய்வது டின்களின் சுவர் நேராகவும் உயரம் ஏறக்குறைய ஒன்றாகவும் இருக்கும்வரைதான். பிரெட் டின்னில் பரப்பை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது, அது குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கும், நிரப்புகிற ஆழம் வேறு, நேரமும் வேறு. நடுவில் குழாய் வைத்த வளைய டின், பூ மாதிரி மடிப்பு வைத்தது என்றால் டேப்பை வைத்துக்கொண்டு திண்டாடுவதைவிடத் தண்ணீர் ஊற்றி அளந்துவிடலாம். ரெசிப்பி கேட்கும் 9 இன்ச், 2 இன்ச் உயர டின் விளிம்புவரை ஏறத்தாழ 2 லிட்டர் பிடிக்கும். உங்கள் வளைய டின் ஒன்றரை லிட்டர் பிடித்தால் முக்கால் பங்கு, மூன்று முட்டை. அடி தனியாகக் கழன்று வரும் டின்னில் தண்ணீர் நிற்காது, அதற்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துவிட்டு ஊற்றுங்கள்.